வீடியோவிலிருந்து ஒரு நல்ல படம்: தலை நின்ற நொடியைப் பிடிப்பது எப்படி?

எங்கள் அப்பத்தா போட்டோவுக்கு உட்கார்ந்தால், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். வீட்டில் இருக்கிற இருபது முப்பது படங்களிலும் அதே முகம்தான். அவர் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு இடத்தில் பதிவாகியிருக்கிறது. என் மகளின் காதுகுத்தில் சித்தப்பா மகன் போனில் எடுத்த வீடியோ அது. மூன்று நிமிடம் நாற்பத்தோரு நொடியில் யாரோ காதில் என்னமோ சொல்ல, அப்பத்தா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார், காதில் தண்டட்டி ஆடுகிறது. நாலே நாலு நொடிதான்.

அப்பத்தா போன பிறகு சுவரில் மாட்ட அந்தச் சிரிப்புதான் வேண்டும் என்றார் அத்தை. அவரே முயற்சியும் செய்து பார்த்திருந்தார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்த வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்திருக்கிறார். பிரிண்டில் வந்தது மெழுகுப் பொம்மை. தோலில் ஒரு சுருக்கம் இல்லை, சேலைக் கரை சேறு மாதிரி குழம்பியிருக்கிறது, தண்டட்டி இருந்த இடத்தில் மஞ்சளாய் ஒரு கோடு.

அந்த ஒரு படத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. தண்டட்டி கோடானது அசைவால். தோல் மெழுகானது கம்ப்ரஷனால். இரண்டுக்கும் மருந்து வேறு. நான் பிழைப்புக்கு எடிட்டிங் பார்க்கிறவன். இந்த ஒரு வேலையை எப்படிச் செய்து முடித்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டு வீடியோவுக்கும் அப்படியே பொருந்தும்.

## முதலில் மூல ஃபைலைத் தேடுங்கள்

இதற்குப் பிறகு சொல்லப்போகிற எல்லாவற்றையும்விட இந்த ஒன்று அதிகப் பலன் தரும். குரூப்பில் வந்தது நகல்தான், அசல் எடுத்தவரின் போனில் இருக்கும். சித்தப்பா மகனிடம் கேட்டேன். "அண்ணே, அதான் குரூப்ல போட்டேனே" என்றான். அது இல்லடா, உன் போன் கேலரியில் கிடப்பதை அப்படியே டாக்குமெண்டாக அனுப்பு என்றேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் தொடாது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் தந்தாலும் சரி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் 4 நிமிடம் 10 நொடி, நொடிக்கு 30 ஃபிரேம், ஆக மொத்தம் 7,500 ஃபிரேம். அசல் 1920×1080 அளவில் 520 எம்பி. குரூப் நகல் 848×480 அளவில் 31 எம்பி. வகுத்துப் பாருங்கள். அசலில் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக 69 கேபி கிடைக்கிறது, நகலில் வெறும் 4 கேபி. ஒரு முழுப் படத்தை 4 கேபிக்குள் அடைக்கச் சொன்னால், வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் என்ன செய்யும்? தோலின் சுருக்கத்தையும் ஜரிகையையும்தான் முதலில் தூக்கிப் போடும். ஃபைல் அளவை ஃபிரேம் எண்ணிக்கையால் வகுக்கும் இந்தச் சின்னக் கணக்கை எந்த வீடியோவிலும் முதலில் போட்டுவிடுங்கள். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஃபைலின் ஜாதகத்தைப் பார்க்க, கட்டளை தட்டி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் போதும். இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் போட்டு `pkg install ffmpeg` என்று நிறுவிக்கொள்ளலாம். அதோடு கூடவே வரும் கருவிதான் ffprobe:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,width,height,avg_frame_rate,bit_rate,field_order,color_transfer vizha.mp4
```

இதில் `width`, `height` இரண்டும் அசலின் அளவுதானா என்று பாருங்கள். `field_order` என்பதில் `progressive` தவிர `tt`, `bb` மாதிரி ஏதாவது வந்தால் அது பழைய இன்டர்லேஸ் வீடியோ, அதற்குத் தனி வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். `color_transfer` வரியில் `arib-std-b67` அல்லது `smpte2084` என்று இருந்தால் அது எச்டிஆர். அதிலிருந்து எடுக்கும் படம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்து வரும், அதற்கும் ஒரு வரி தருகிறேன்.

## ப்ளரைக் கணக்காகப் பார்ப்பது

வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு போட்டோதான். அந்தப் போட்டோவுக்கு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ, அவ்வளவு நேரத்து அசைவும் அதில் பதிந்துவிடும். மண்டபத்து டியூப்லைட்டில் போன் பெரும்பாலும் 1/50 நொடியோ அதைவிட நீளமாகவோதான் திறக்கும். வெளிச்சம் குறைவு என்பது ஒரு காரணம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாக வராமலிருக்க ஷட்டரை அந்தத் துடிப்போடு ஒத்துப்போகிற அளவில் வைக்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

அப்பத்தாவின் தலை பின்னால் சாய்ந்தது சுமார் 150 பிக்சல் தூரம், 12 ஃபிரேமில், அதாவது 0.4 நொடியில். நொடிக்கு 375 பிக்சல் வேகம். 1/50 நொடி ஷட்டரில் அது ஏழெட்டு பிக்சல் இழுபடும். அந்த ஃபிரேமில் அவர் முகம் 200 பிக்சல் அகலம், ஒரு கண் 40 பிக்சல். 40 பிக்சல் கண்ணில் 8 பிக்சல் இழுத்துவிட்டால் இமை மயிர் ஏது, கருவிழியின் ஓரம் ஏது? அந்த ஃபிரேமை எந்த ஷார்ப்பன் பட்டனும் காப்பாற்றாது.

ஆனால் அதே தலை பின்னால் போய் முடிந்து முன்னால் திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கும். ஊஞ்சல் உச்சியில் நிற்கிற மாதிரி. அந்த இடத்தில் வேகம் பூஜ்ஜியத்துக்குப் பக்கம். ஷட்டர் அதே 1/50தான், ஆனால் இழுபட எதுவும் இல்லை. கைதட்டல், ஆரத்தி சுற்றுவது, குழந்தை குதிப்பது என எந்த அசைவை எடுத்தாலும் திசை மாறுகிற முனை ஒன்று இருக்கும். அந்த முனையைத்தான் தேட வேண்டும். வீடியோவை ஓடவிட்டு நல்ல இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சிக்காது. நம் கண்ணுக்குச் சிரிப்பின் அழகு தெரிவது தலை பாதி வழி போய்க்கொண்டிருக்கும்போது, விரல் தட்டுவது அதற்கும் கொஞ்சம் தாமதமாக.

முனை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது அந்தத் தண்டட்டி. ஆடுகிற பளபளப்பான எந்தப் பொருளும் இந்த வேலைக்கு வாகானது. ஜிமிக்கி, மூக்குத்தி, கண்ணாடி ஃபிரேமில் விழும் விளக்கு, கருவிழியில் தெரியும் வெள்ளைப் புள்ளி எல்லாமே. அந்த ஒளி புள்ளியாக இருந்தால் அசைவு இல்லை. கோடாக நீண்டிருந்தால் அசைவு, நீளம் எவ்வளவோ இழுபட்டதும் அவ்வளவு. புள்ளி வட்டமாக ஊதி இருந்தால் அது அசைவே இல்லை, ஃபோகஸ் தப்பியிருக்கிறது, பக்கத்து ஃபிரேம்களிலும் அப்படியே இருக்கும், வேறு நொடியைத் தேட வேண்டும். மூக்குத்தி, பின்னால் இருக்கும் தோரணம், தூண் எல்லாமே ஒரே திசையில் கோடாகியிருந்தால் அசைந்தது எடுத்தவன் கை.

ஒரு விஷயம் கவனம். தலை நின்றாலும் தண்டட்டி ஆடிக்கொண்டிருக்கலாம். முகம்தான் முக்கியம் என்றால் கண்ணில் தெரியும் புள்ளியை நம்புங்கள்.

## நாலு நொடியை நூற்றிருபது படமாக்குவது

எம்பிவி பிளேயரில் வீடியோவைத் திறந்து, நல்ல இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, `.` விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், `,` தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னால் வரும். விஎல்சியில் `e` முன்னால் நகர்த்தும். இப்படிப் பார்த்து சிரிப்பு தொடங்கும் இடம் 3:41, அடங்கும் இடம் 3:45 என்று குறித்துக்கொண்டேன். நொடிக் கணக்கில் 221 முதல் 225 வரை. பிறகு அந்த நாலு நொடியின் எல்லா ஃபிரேமையும் வெளியே எடுத்தேன்:

```
ffmpeg -ss 221 -i vizha.mp4 -t 4 -fps_mode passthrough p_%04d.png
```

இதில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பிஎன்ஜி ஏன் என்றால், ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்ட படத்தை ஜேபெக்காக இன்னொரு முறை சுருக்க வேண்டாம் என்பதற்காக. `-fps_mode passthrough` ஏன் என்றால், போன்கள் எல்லா ஃபிரேமையும் சரிசமமான இடைவெளியில் பதிவதில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் இடைவெளியைச் சமப்படுத்தப் பார்த்து, சில ஃபிரேமை இரண்டு தடவை எழுதும், சிலதை விட்டுவிடும். விட்டுப்போனது நமக்கு வேண்டியதாக இருந்தால் போச்சு. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு என்றால் அது இந்தச் சொல்லை ஏற்காது, அதற்குப் பதில் `-vsync 0` போடுங்கள்.

எச்டிஆர் என்று தெரிந்த வீடியோவுக்கு மட்டும், `-t 4` க்கு அடுத்து இதைச் சேர்க்க வேண்டும்:

```
-vf "zscale=t=linear:npl=100,format=gbrpf32le,zscale=p=bt709,tonemap=hable,zscale=t=bt709:m=bt709:r=tv,format=yuv420p"
```

எங்கள் வீடியோ சாதாரணமானது, இது தேவைப்படவில்லை. 120 பிஎன்ஜி வந்து விழுந்தது.

## நூற்றிருபதில் நாலைந்து

120 படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பத்து படத்துக்கு மேல் போனால் கண் எல்லாவற்றையும் நல்லதென்று சொல்ல ஆரம்பிக்கும். நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். முகத்தை மட்டும் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே தரத்தில் ஜேபெக்காக எழுதிவிட்டு, ஃபோல்டரில் ஃபைல் அளவு வாரியாக அடுக்குவது. ஜேபெக்கின் இயல்பு அப்படி. நுணுக்கம் அதிகமிருந்தால் ஃபைல் பெருக்கும், மங்கியிருந்தால் இளைக்கும்.

```
ffmpeg -ss 221 -i vizha.mp4 -t 4 -vf crop=400:460:760:230 -fps_mode passthrough -q:v 3 m_%04d.jpg
```

`crop` க்குப் பின் வரும் நான்கு எண்கள் அகலம், உயரம், இடது ஓரத்திலிருந்து தூரம், மேல் ஓரத்திலிருந்து தூரம். ஒரு பிஎன்ஜியை விண்டோஸ் பெயிண்டில் திறந்து முகத்தைச் சுற்றி வரையப்போகிற பெட்டியின் மேல் இடது மூலையில் சுட்டியை வைத்தால் கடைசி இரண்டு எண்களும், அங்கிருந்து பெட்டியை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் முதல் இரண்டும் அடியில் தெரியும். நாலு நொடியும் தலை வெளியே போகாத அளவுக்குப் பெட்டியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

முகத்தை மட்டும் வெட்டுவதுதான் இதில் சூட்சுமம். முழு ஃபிரேமை வைத்து அளந்தால் பின்னால் கட்டிய பூத்தோரணம் கூர்மையாக இருக்கும் ஃபிரேம்தான் முதலிடம் பிடிக்கும், அப்பத்தா மங்கியிருந்தாலும். எஃப்எஃப்எம்பெக்கிலேயே `thumbnail` என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. நல்ல ஃபிரேமை அதுவே தேர்ந்தெடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது பார்ப்பது நிறங்களின் பரவலை மட்டும்தான். ஒரு கூட்டத்துக்குப் பொதுவான சாயலில் இருக்கும் ஃபிரேமை எடுத்துத் தரும், கூர்மையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அடுக்கிப் பார்த்தபோது முதலிடத்தில் வந்தது 0091, 27 கேபி. திறந்தால் சிரிப்பாக வந்தது. விழா போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் அடித்திருக்கிறார். போனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், ஃபிளாஷ் மின்னிய அந்தச் சிட்டிகை நேரத்தில் எந்த வரிகள் திறந்திருந்தனவோ அவற்றில் மட்டும் வெளிச்சம் விழுந்திருக்கிறது. நெற்றி வரை வெள்ளை வெளேர், அதற்குக் கீழே சாதாரண முகம், நடுவில் கத்தியால் வெட்டிய கோடு. அந்தக் கோடும் வெளிச்சமும்தான் ஃபைலைப் பெருக்கவைத்தன. அதனால் அளவு வரிசையை அப்படியே நம்பிவிடக் கூடாது, முதல் பத்தைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். கம்ப்ரஷன் கட்டங்கள் விழுந்த ஃபிரேமும், இருட்டில் எடுத்துப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறிய ஃபிரேமும் இதேபோல ஏமாற்றும்.

அதற்கடுத்து நாலு பேர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்: 0068, 0067, 0069, 0066. எல்லாம் 23, 24 கேபி. தலை சாய்ந்துகொண்டிருந்த 0058 பக்கம் பார்த்தால் 15 கேபிதான். இப்படி அடுத்தடுத்த எண்கள் ஒரு கொத்தாக மேலே வந்தால் அதுதான் அசைவின் முனை. தனியாக ஒரே ஒரு எண் மேலே வந்தால் சந்தேகப்படுங்கள், ஃபிளாஷோ கோளாறோ ஏதோ இருக்கும்.

நாலையும் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். 0066இல் தண்டட்டி இன்னும் லேசாகக் கோடாக இருந்தது. 0069இல் இமை பாதி மூடத் தொடங்கியிருந்தது. ஒரு கண் சிமிட்டல் நொடியில் பத்தில் ஒரு பங்காவது எடுக்கும், 30 ஃபிரேம் வீடியோவில் மூன்று நான்கு ஃபிரேம் அதற்கே போய்விடும். மிச்சம் 0067, 0068. இரண்டிலும் கருவிழியில் டியூப்லைட்டின் வெள்ளைப் புள்ளி புள்ளியாகவே இருந்தது.

## அந்த I, P விவகாரம்

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒரு நண்பர் குறுக்கிட்டார். "ஏன்யா இவ்வளவு கஷ்டப்படுற, கீஃபிரேமை எடுத்தா முடிஞ்சது" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி.

வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. `I` என்பது தன்னந்தனியாக நிற்கும் முழுப் படம். அதைத்தான் கீஃபிரேம் என்கிறார்கள். `P` என்பது முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். `B` என்பது முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பார்த்து எழுதிய குறிப்பு. பொதுவாக என்கோடர் `I` க்குத் தாராளமாகவும், `P` க்கு அளவாகவும், `B` க்குக் கஞ்சத்தனமாகவும் இடம் ஒதுக்கும். அதனால் `I` சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. பார்ப்பதற்கு:

```
ffprobe -v error -select_streams v:0 -read_intervals 221%+4 -show_entries frame=pts_time,pkt_size,pict_type -of csv=p=0 vizha.mp4
```

இது 221ஆவது நொடிக்குச் சற்று முந்தைய கீஃபிரேமிலிருந்து பட்டியல் போடும். முதல் எண் நேரம், இரண்டாவது அந்த ஃபிரேம் ஃபைலில் பிடிக்கும் பைட், கடைசியில் வகை. எங்களுக்கு வேண்டிய இடம் இப்படி இருந்தது:

```
223.200000,58211,P
223.233333,51840,P
223.266667,50962,P
223.300000,61377,P
223.333333,66905,P
223.366667,68120,P
223.400000,158630,I
```

முதல் வரிதான் 0067, கடைசி வரியில் இருக்கும் `I` 0073. பல ஆண்ட்ராய்டு போன்களைப் போலவே இதிலும் `B` இல்லை, நொடிக்கு ஒரு `I`, மற்றதெல்லாம் `P`. நண்பர் சொன்னபடி 0073ஐத் திறந்தேன். சேலைக் கரை உண்மையிலேயே ஒரு பிடி தெளிவு. ஆனால் அதற்குள் தலை முன்னால் வரத் தொடங்கிவிட்டது, கண் இழுபட்டிருக்கிறது. நொடிக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி விழுகிற கீஃபிரேமுக்கு அப்பத்தா எப்போது சிரித்தார் என்பது தெரியாது. அசைவில் போன நுணுக்கம் கேமராவுக்குள்ளேயே நுழையவில்லை, அதற்கு எத்தனை கேபி ஒதுக்கினாலும் மங்கலைத்தான் சுத்தமாகச் சேமிக்கும்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் அசைவின் முனை, அதற்குள் நல்ல முகபாவம், இரண்டும் சமமாக இருக்கும் ஃபிரேம்களுக்குள் மட்டும் வகையைப் பார்ப்பது. 0067, 0068 இரண்டும் `P`, இரண்டும் 50 கேபிக்கு மேல். நான் 0068ஐ எடுத்தேன், சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது என்பதால்.

பட்டியலின் நடு எண்ணை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 0067ஐவிட 0068 சின்னது, ஆனால் தரத்தில் குறைந்ததில்லை. தலை நின்றுவிட்டதால் எழுத வேண்டிய மாற்றம் குறைவு, அவ்வளவுதான். முந்தைய ஃபிரேமின் நுணுக்கம் அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது. அசைவு அதிகமாக இருக்கும்போது பைட் குறைந்திருந்தால்தான் கவலை.

## அசல் கிடைக்கவே இல்லை என்றால்

எங்களுக்கு அசல் கிடைத்தது. பல வீடுகளில் போன் மாறியிருக்கும், மெமரி கார்டு போயிருக்கும், குரூப் நகல் மட்டும் மிச்சமிருக்கும். ஃபிரேமுக்கு 4 கேபி இருக்கும் அந்த நகலில்தான் ஃபிரேம் வகை உண்மையில் முக்கியமாகிறது. ஒத்திகை பார்ப்பதற்காக அதே வேலையை நகலிலும் செய்தேன்.

முதல் வேறுபாடு, `P` ஃபிரேம்களுக்குள்ளேயே தரம் ஏறி இறங்குகிறது. தலை அசைந்துகொண்டிருக்கும்போது என்கோடருக்கு மூச்சு முட்டும், முகம் மெழுகாகிவிடும். தலை நின்றதும் அது உடனே தெளிவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் மிச்சமாகும் கொஞ்சம் பைட்டை வைத்து, விட்டுப்போன நுணுக்கத்தைச் சிறிது சிறிதாக நிரப்பிக்கொண்டு வரும். அதனால் சுருக்கிய வீடியோவில் அசைவு நின்ற முதல் ஃபிரேமை எடுக்காமல், நின்ற நேரத்தின் கடைசிப் பக்கம் பாருங்கள். அசலில் 0067க்கும் 0069க்கும் தெளிவில் வித்தியாசமே தெரியவில்லை. நகலில் 0069இல் தான் புருவம் புருவமாகத் தெரிந்தது. அதில் இமை இறங்கியிருக்கிறதே என்றால், ஆமாம், அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, காட்சி மாறிய இடத்தையும் ஃபிளாஷ் அடித்த இடத்தையும் பார்த்து, அதற்கடுத்த ஏழெட்டு ஃபிரேமைத் தொடாதீர்கள். திடீரென்று எல்லாமே மாறிவிட்டதால் பைட் எல்லாம் அங்கே செலவாகி, பின்னால் வருவன கட்டம் கட்டமாக இருக்கும். 0091க்குப் பிறகு நகலில் அப்பத்தாவின் கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

மூன்றாவது, நகலில் `B` இருந்தது. பக்கத்திலேயே ஒரு `P` இருந்து முகபாவம் மாறவில்லை என்றால் `P` யை எடுங்கள்.

ஒரு குறையை மட்டும் எந்த ஃபிரேமை மாற்றினாலும் சரிசெய்ய முடியாது. அசலிலும் அது இருக்கிறது. அரக்குச் சேலையின் ஓரமும் குங்குமப் பொட்டும் முகத்தைவிட ஒரு மாற்றுக் குறைவாகத்தான் தெரியும். சாதாரண வீடியோவில் வெளிச்சம் மட்டும்தான் முழு அளவில் பதிவாகும், நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவில், 1920×1080 என்றால் 960×540இல் தான் சேமிக்கப்படும். கருஞ்சிவப்பில் வெளிச்ச வேறுபாடு குறைவு, நிற வேறுபாடு அதிகம். அதனால் அங்கேதான் பல்லிளிக்கும்.

## பழைய கல்யாண டிவிடி

டிவிடியில் இருக்கும் நம்மூர்ப் பழைய கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் 720×576 இன்டர்லேஸ். நிறுத்திப் பார்த்தால் அசைகிற கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி இருக்கும். அது ப்ளரும் இல்லை, கம்ப்ரஷனும் இல்லை. ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒற்றை வரி, இரட்டை வரியாகப் பின்னிக் கிடக்கின்றன. அதைப் பிரித்தால் நொடிக்கு 25 ஃபிரேமிலிருந்து 50 படங்கள் கிடைக்கும், முனையைப் பிடிக்க இரண்டு மடங்கு வாய்ப்பு:

```
ffmpeg -ss 754 -i VTS_01_2.VOB -t 4 -vf "bwdif=mode=send_field,scale=iw*sar:ih,setsar=1" -fps_mode passthrough k_%04d.png
```

`scale` பகுதி இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒல்லியாகிவிடுவார்கள். டிவிடியின் பிக்சல் சதுரமாக இருக்காது, அதைச் சரிசெய்வதுதான் அதன் வேலை.

## பிரிண்ட்

0068இலிருந்து அப்பத்தாவை நிமிர்ந்த படமாக வெட்டினால் 810×1080 பிக்சல் வந்தது. 6×8 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 135 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு இது குறைவு, நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்குப் போதும். அத்தை 12×15 கேட்டார். அந்த அளவில் அங்குலத்துக்கு எழுபதுக்குப் பக்கம்தான் மிஞ்சும், மெழுகு பொம்மை திரும்பி வரும் என்று சொல்லி நிறுத்தினேன்.

படத்தில் நான் செய்தது ரொம்பக் கொஞ்சம். டியூப்லைட்டின் பச்சையைக் குறைத்து, ஷார்ப்பனை ஒரு இழை ஏற்றினேன். கண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்ததும் ஒரு படி இறக்கினேன். பளபளப்புத் தாளில் கம்ப்ரஷன் கட்டங்கள் எடுத்துக் காட்டும் என்பதால் மேட் தாள்.

ஸ்டுடியோவில் கொடுக்கும்போது பிஎன்ஜி ஃபைலைப் பென்டிரைவில் கொடுத்தேன், அங்கேயும் வாட்ஸ்அப் நம்பர்தான் கேட்டார்கள். பையன் ஸ்கிரீனில் திறந்த கையோடு முகத்தை வழவழப்பாக்கும் பட்டனைத் தட்டப் போனான். தம்பி, அந்தச் சுருக்கத்துக்காகத்தான் ரெண்டு நாள் உட்கார்ந்தேன், அப்படியே போடு என்றேன்.